விற்றது மூன்றரை லட்சம், கணக்கில் எண்பத்தைந்தாயிரம்

சென்ற ஆண்டு, 2025இல், வெசாக் போயா மே 12ஆம் திகதி திங்கட்கிழமை வந்தது. அடுத்த நாள் செவ்வாயும் விடுமுறை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் வங்கிகள் தொடர்ந்து நான்கு நாள் பூட்டு. கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்து வேன் வேனாகப் பாசிக்குடாவுக்கும் கல்லடிக்கும் ஆட்கள் வருவார்கள். விடுதிக்காரருக்கு நல்ல வியாபாரம்தான். ஆனால் செக் எழுதிக் கொடுத்த விடுதிக்காரருக்கு இதைவிடக் கஷ்டமான கிழமை வேறில்லை.

ஏன் என்று பார்க்க ஒரு சின்ன விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லடியில் ஐந்து அறை, முன்னால் ஒரு சாப்பாட்டுக் கூடம். உரிமையாளர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரிலேயே நடைமுறைக் கணக்குத் திறந்திருக்கிறார். வட்டி கிடையாது, செக் புத்தகம் உண்டு. அறை வாடகையைக் காட் மெசினில் எடுக்கிறார். சாப்பாட்டுக் காசுக்கு மேசையில் லங்காகியூஆர் அட்டை வைத்திருக்கிறார். வெள்ளி காலை கணக்கில் மீதி 40,000 ரூபாய். கட்டில் விரிப்பும் துவாயும் வாங்கிய கடைக்கு 180,000 ரூபாய்க்கு செக் கொடுத்திருக்கிறார், திகதி மே 13. ‘அதற்குள் விடுமுறைக் காசு வந்து நிரம்பிவிடும்’ என்பது அவர் கணக்கு.

காசும் வந்தது. வெள்ளி முதல் திங்கள் வரை காட்டில் 300,000, கியூஆரில் 45,000. கையிலுள்ள துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பழைய மீதியோடு 385,000. புதன் காலை ஒன்பதரைக்கு விரிப்புக் கடைக்காரர் அதே வங்கியின் நகரக் கிளையில் செக்கை நீட்டுகிறார். ஒரே வங்கி என்பதால் கணக்கை அந்த இடத்திலேயே பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய 84,550 ரூபாய். செக் திரும்புகிறது. அதற்கு வங்கி வேறு கட்டணம் எடுக்கிறது, விரிப்புக் கடைக்காரர் முகமும் மாறுகிறது.

இதில் யாரும் களவெடுக்கவில்லை. காசு இரண்டு வழியால் வந்தது, அவ்வளவுதான்.

கியூஆர் வழி குறுகியது. லங்காகியூஆர் என்பது இலங்கை மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம். எந்த வங்கியின் செயலியாலும் அந்த ஒரே அட்டையை ஸ்கேன் செய்யலாம். வாடிக்கையாளர் தொகையை அடித்து உறுதிசெய்ததும், வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்ற முறை வழியாகப் பணம் கடைக்காரர் கணக்குக்குப் போகிறது. லங்காபே நிறுவனம் 2015 முதல் நடத்தும் இந்த முறைக்குப் போயாவும் இல்லை, ஞாயிறும் இல்லை. அதனால்தான் அந்த 45,000 கழிவு போக விடுமுறைக்குள்ளேயே கணக்கில் ஏறியது.

காட் வழி நீளம். வாடிக்கையாளர் காட்டை மெசினில் வைக்கும்போது அவருடைய வங்கி ‘சரி’ என்று மட்டும்தான் சொல்கிறது, பணம் இன்னும் நகரவில்லை. அன்றைய விற்பனையெல்லாம் மெசினுக்குள் ஒரு தொகுதியாகச் சேர்கிறது. இரவு கடை சாத்தும்போது ‘செட்டில்மென்ட்’ போட்டால்தான் அந்தத் தொகுதி மெசின் தந்த வங்கிக்குப் போகும். அந்த வங்கி தன் கழிவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பெரும்பாலும் அடுத்த வேலை நாளிலோ அதற்கும் அடுத்த நாளிலோ கணக்கில் போடுகிறது. மெசின் ஒரு வங்கி, நடைமுறைக் கணக்கு வேறு வங்கி என்றால் வங்கிகளுக்கிடையே இன்னொரு தொகுதியில் ஏறிவர வேண்டும்; அதுவும் வேலை நாளில்தான் நடக்கும். வெள்ளி இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய தொகுதிக்கு அடுத்த வேலை நாள் புதன். புதன் எப்போது? அந்தியிலும் இருக்கலாம், வியாழன் விடியும்போதும் இருக்கலாம். செக்கோ காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டது.

அவர் திகதியை 13 என்று எழுதாமல் 16, வெள்ளி, என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. விடுமுறை முடிந்து இரண்டு முழு வேலை நாள் விட்டுத் திகதி போடுவதே என் பார்வையில் பத்திரமானது.

இனிக் கழிவு. காட்டுக்கு 2.5 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால் 300,000க்கு 7,500 போய் 292,500 வரும். கியூஆருக்கு ஒரு சதவீதம் என்றால் 45,000க்கு 450. உங்கள் வீதம் வேறாக இருக்கலாம். ஆனால் காட்டைவிடக் கியூஆர் மலிவு என்பதில் மாற்றமில்லை. வங்கிக் கூற்றில் ஒரு நாள் காட் விற்பனை முழுதும் ஒரே வரியாக, கழிவு போன தொகையாக விழும். அந்தத் தொகையையே ‘விற்பனை’ என்று கொப்பியில் எழுதுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பிறகு இருபது நாள் கழித்து ஒரு விருந்தாளியின் 18,000 ரூபாய் வந்ததா இல்லையா என்று தேடினால் கிடைக்காது. செட்டில்மென்ட் துண்டில் தொகுதி எண் இருக்கும். அந்த எண், மொத்தம், கழிவு, வந்து சேர்ந்த நாள் நான்கையும் ஒரு வரியில் எழுதினால் போதும். மொத்தம் விற்பனை, கழிவு செலவு. நாள் காலியாக நிற்கும் வரியைப் பார்த்தாலே எந்தத் தொகுதி இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

வராத தொகுதிக்குக் காரணம் பல நேரம் மெசினுக்குள்ளேயே இருக்கும். மின்சாரம் போன இரவில், அல்லது சிக்னல் விழுந்த இரவில், செட்டில்மென்ட் பாதியில் நின்றிருக்கும். கடைப் பொடியன் அதைக் கவனித்திருக்க மாட்டான். துண்டு அடித்து வந்ததா என்று பார்த்துவிட்டே கடையைப் பூட்ட வேண்டும். பிழையான தொகை அடித்துவிட்டாலும் செட்டில்மென்ட் போடுமுன் மெசினிலேயே ரத்துச் செய்யலாம். போட்ட பிறகு அது திருப்பிச் செலுத்தல் ஆகிவிடும், விருந்தாளி நாள் கணக்கில் காத்திருக்க நேரும்.

கழிவை விருந்தாளி தலையில் வைப்பது இன்னொரு பழக்கம். ‘காட் என்றால் மூன்று சதவீதம் கூட’ என்று எழுதி ஒட்டியிருக்கிற கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்படிக் கூட்டி வாங்குவது மெசின் தந்த வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது. வாங்கினால் வங்கியிடம் முறையிடுங்கள் என்று மத்திய வங்கி பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. கழிவை அறை விலைக்குள் முன்கூட்டியே வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் மரியாதை.

கியூஆர் உடனே வரும் என்பதால் அதில் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ‘அண்ணே, போட்டாச்சு’ என்று வாடிக்கையாளர் காட்டுகிற திரையை நம்பாதீர்கள். பழைய படமாகவும் இருக்கலாம், தோற்றுப்போன பரிமாற்றமாகவும் இருக்கலாம். உங்கள் போனுக்கு வங்கியின் எஸ்எம்எஸ் வந்ததா என்பதே சாட்சி. முதலாளியின் போனுக்கு மட்டும் எஸ்எம்எஸ் போகும்படி வைத்துவிட்டு, அவர் சந்தைக்குப் போயிருக்கும் நேரம் காசாளர் என்ன செய்வார்? காசாளர் பார்க்கக்கூடிய போனிலும் அறிவித்தல் வரச் செய்யுங்கள். அட்டைக்கு மேல் யாரும் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்தால் காசு வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

மெசின் எடுக்கப்போகிறவர்கள் கழிவு வீதத்தை மட்டும் பேரம் பேசிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். இரவு எத்தனை மணிக்கு முன் செட்டில்மென்ட் போட்டால் அடுத்த வேலை நாள் கணக்கில் விழும், அந்த நாளில் எந்த நேரத்துக்கு விழும், என் கணக்கு வேறு வங்கியில் இருந்தால் எத்தனை நாள் கூடும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரை சதவீதக் கழிவு குறைந்தால் அந்த நான்கு நாள் விற்பனையில் மிச்சம் 1,500 ரூபாய்தான்.