‘ஏஐ எழுதியது’ என்ற குற்றச்சாட்டு: சாஃப்ட்வேர் சொன்னால் ஆதாரமாகிவிடுமா?

அரியானா மாநிலத்தில் உள்ள ஓ.பி. ஜிண்டால் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். படித்த மாணவர் ஒருவர், 2024-ல் ஒரு தாளில் தோல்வி என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய விடைகளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்பதே காரணம். எல்லாம் தன் சொந்த எழுத்து என்றும், பல்கலைக்கழகம் எந்த ஆதாரத்தையும் காட்டவில்லை என்றும் கூறி அவர் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கும்போதே அவர் தேர்ச்சி பெற்றுவிட்டதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ஆனால், அந்த 88 சதவீதம் ஆதாரமாகுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரக்கூடியது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் எல்லாம் கணினியில்தான் போகின்றன. ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால், ‘இது மெஷின் எழுதியது’ என்று சொல்லும் கருவிகள் இணையத்தில் ஏராளம்.

இந்தக் கருவிகள் எழுதியவரைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டுமே பார்க்கின்றன. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற, ஒரே சீரான வாக்கியங்கள் வந்தால், மெஷின் எழுத்தாக இருக்கலாம் என்று கணிக்கின்றன. அது ஒரு ஊகம் மட்டுமே. பல கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடினில் வரும் சதவீதத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 88 என்றால் ‘88 சதவீதம் உறுதி’ என்று பொருளல்ல. எழுத்தில் அவ்வளவு பகுதி மெஷினுடையது என்று சாஃப்ட்வேர் கருதுகிறது, அவ்வளவுதான்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. மெஷின் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை மெஷின் எழுத்து என்று தவறாகச் சொன்னது. இவை அந்த நிறுவனமே சொன்ன கணக்கு. ஒரு வகுப்பில் 100 கட்டுரைகள் வருகின்றன, அவற்றில் 20 மெஷின் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்த 20-ல் சுமார் 5-ஐப் பிடிக்கும். நேர்மையாக எழுதிய 80 பேரில் சுமார் 7 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மாட்டிய 12 பேரில் 7 பேர் தவறு செய்யாதவர்கள்! துல்லியம் குறைவு என்று கூறி, அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை நிறுவனமே நிறுத்திவிட்டது.

பிறகு வந்த கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆனால், தவறு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மெஷின் எழுதியவை என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் தெரிந்த சொற்களை வைத்து, பாடப்புத்தக நடையில்தான் ஆங்கிலம் எழுதுவார்கள். கருவி சந்தேகப்படுவது அந்த நடையைத்தான்.

சிலர் சாட்ஜிபிடியிடமே ‘இதை நீ எழுதினாயா?’ என்று கேட்கிறார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஆசிரியர் இப்படிக் கேட்டே தன் வகுப்பு மாணவர்கள் மீது குற்றம் சாட்டினார். சாட்ஜிபிடி யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்ற பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலை உருவாக்குகிறது. அந்த மாணவர்களில் ஒருவரையேனும் காப்பாற்றியது, எப்போது எழுதப்பட்டது என்பதைக் காட்டிய கூகுள் டாக்ஸ் நேரப் பதிவுதான்.

மெஷினை வைத்து எழுதும் மாணவர்கள் இல்லை என்பதல்ல. அதை நிறுவ வேறு வழிகள் உள்ளன. இல்லாத நூலையோ தீர்ப்பையோ மேற்கோள் காட்டியிருந்தால் அது வலுவான தடயம். எழுதியதை நேரில் விளக்கச் சொன்னால், எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆகவே பிள்ளைகள் கூகுள் டாக்ஸ் போன்ற, திருத்த வரலாறு பதிவாகும் இடத்தில் எழுதட்டும். கையால் எடுத்த குறிப்புகளை மதிப்பெண் வரும்வரை வைத்திருக்கட்டும். குற்றச்சாட்டு வந்தால் எந்தக் கருவி, எந்தெந்த வரிகள் என்ற அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். துறைத் தலைவர் முன்னிலையில் வாய்மொழியாக விளக்க வாய்ப்புக் கேளுங்கள். கருவியின் சந்தேகத்தில் விசாரணை தொடங்கலாம். அதை மட்டுமே வைத்துத் தண்டனை தரக்கூடாது.