ஒரே கணக்கு, மூன்று விடைகள்



இந்த வாரச் சிந்தனை சற்றே கடிந்துகொள்ளுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கேனும் ஒரு யுத்தம் மூண்டால் போதும், வருகையின் ஆண்டைக் கணக்கிட்டுக் காட்டும் செய்திகள் உங்களில் பலருடைய கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. நீங்கள் அவற்றை எனக்கும் அனுப்புகிறீர்கள். நம்மில் சிலர் அவற்றை வேத ஆராய்ச்சி என்று எண்ணுகிறோம். நானோ அவற்றை விசுவாசத்துக்கு விரோதமானவை என்கிறேன். ஏன் என்பதை ஒரு மெய்யான சரித்திரத்தைக் கொண்டே காட்டுகிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்ற ஒரு விவசாயி இருந்தார். அவர் பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். வஞ்சகர் அல்லர், வேதத்தை உண்மையாய் நேசித்தவர். தானியேல் 8:14-இல் வருகிற இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல் அவருடைய உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணினார். எஸ்றா 7-ஆம் அதிகாரத்தில் அர்தசஷ்டா ராஜா கட்டளை கொடுத்த கி.மு. 457-ஐத் தொடக்கமாக வைத்தார். அதிலிருந்து 2300 வருஷங்களை எண்ணினால், கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் பூஜ்ய ஆண்டு இல்லாததால், கணக்கு 1844-இல் வந்து நிற்கிறது. 1831 முதல் அவர் இதைப் பிரசங்கித்தார். பல்லாயிரம் பேர் நம்பினார்கள்.

முதலில் குறித்த காலம் 1844 மார்ச் மாதத்தில் கடந்துபோயிற்று. மில்லர் தம் தவறை வெளிப்படையாய் ஒத்துக்கொண்டார். கணக்கு மட்டும் சாகவில்லை. சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதரின் பாவநிவாரண நாளைக் கொண்டு 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். கடைசி வாரங்களில் மில்லரும் அதற்கு இணங்கினார். சிலர் நிலத்தில் விளைந்திருந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமலே விட்டுவிட்டார்கள். இரவு கடந்தது, பொழுது விடிந்தது, ஆண்டவர் வரவில்லை. விடியும்வரை அழுதுகொண்டே இருந்தோம் என்று ஹைரம் எட்சன் என்பவர் பின்னாளில் எழுதிவைத்தார். அந்த நாளைச் சரித்திரம் 'மாபெரும் ஏமாற்றம்' என்றே அழைக்கிறது.

இப்போது அதே ஆண்டில் பாரசீகத்துக்கு வாருங்கள். அங்கே ஷியா முஸ்லிம்கள், மறைந்திருக்கிற தங்கள் பன்னிரண்டாம் இமாமே மஹ்தியாக வெளிப்படுவார் என்று காத்திருக்கிறார்கள். அவர் மறைந்தது ஹிஜ்ரி 260. ஆயிரம் வருஷம் நிறைவாகும் ஹிஜ்ரி 1260, நம்முடைய 1844. அந்த ஆண்டு மே மாதத்தில் ஷிராஸ் நகரத்து இளம் வணிகர் ஒருவர், எதிர்பார்க்கப்பட்ட தூது தம்மிடத்தில் வந்திருக்கிறதென்று அறிவித்தார். 'பாப்', அதாவது வாசல், என்று அவர் அழைக்கப்பட்டார். 1850-இல் தப்ரீஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வழியாய்ப் பின்னர் எழுந்த பஹாய் சமயத்தார் தானியேலின் அதே வசனத்தை எடுத்து, அதே 457-இலிருந்து எண்ணி, அது பாப் வெளிப்பட்ட ஆண்டையே காட்டுகிறது என்கிறார்கள். மில்லரைப் பின்பற்றியவர்களில் ஒரு பகுதியாரோ, நாள் சரியே, நிகழ்ந்தது பூமியில் அல்ல, பரலோகப் பரிசுத்த ஸ்தலத்தில் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். வசனம் ஒன்று, கூட்டல் ஒன்று, ஆண்டும் ஒன்று, விடையோ மூன்று. இவர்களில் ஒருவரையும் நான் பரிகசிக்கவில்லை. ஆனால் மூன்று விடைகளுக்கும் சமமாய் இடங்கொடுக்கிற ஒரு கணக்கு எதையும் நிரூபிப்பதில்லை. தொடக்கத்தையும் சற்று மாற்றிப் பாருங்கள். கோரேசின் கட்டளையான கி.மு. 538-இலிருந்து எண்ணினால் 1763 வரும். நெகேமியா 2-ஆம் அதிகாரத்தின் கி.மு. 445-இலிருந்து எண்ணினால் 1856 வரும். மூன்றும் எருசலேமைக் குறித்து வேதத்திலுள்ள ராஜ உத்தரவுகளே. எதைத் தொடக்கமாக வைப்பது என்று தானியேல் சொல்லவில்லை, மனிதன் தெரிந்துகொண்டான். நாளை வருஷமாக்கியவனும் மனிதனே. அப்படியிருக்க, கிடைத்த விடையை மட்டும் தேவனுடைய சத்தம் என்பது எப்படி?

'அடையாளங்களைப் பாருங்கள் என்று ஆண்டவரே சொன்னாரே' என்பீர்கள். மத்தேயு 24-ஐத் திரும்ப வாசியுங்கள். யுத்தங்களைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே, கலங்காதிருக்கவும் முடிவு உடனே வராதென்று அறியவும் சொல்கிறார். அவர் கலக்கத்தைத் தீர்க்கச் சொன்னதை நாம் கலக்கத்தை உண்டாக்கப் பயன்படுத்துகிறோம். அந்த நாளைப் பிதா ஒருவர்தவிர ஒருவரும் அறியார் என்பதை மாற்கு 13:32 தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது.

மற்ற சமயங்களிலும் இந்த எச்சரிப்பு உண்டென்று அறிந்தால் நமக்கு வெட்கமாயிருக்கும். முடிவைக் கணக்கிடுகிறவர்களை யூதரின் தால்முத் சபிக்கிறது. மஹ்தி வரும் காலத்தைக் குறிப்பவர்கள் பொய்யர் என்று ஷியா மரபு கூறுகிறது. கல்கி தோன்றும் கலியுக முடிவுக்குப் புராணக் கணக்கு 4,32,000 வருஷம் வைத்திருக்கிறது. அதில் ஐயாயிரத்துச் சொச்சமே கழிந்திருக்கிறது. ஆகிலும் நானே கல்கி என்றவர்கள் எழுந்ததுண்டு. காத்திருக்க மனமில்லாத அவசரம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வியாதி.

அப்படியானால் இந்த நம்பிக்கை மனிதனுக்கு எதைத் தருகிறது? கொடுமையால் நிறைந்த பூமியை மஹ்தி நீதியால் நிறைப்பார் என்கிறான் ஒருவன். அரசர் கொள்ளையராகிவிட்ட காலத்தில் கல்கி வருவார் என்கிறான் மற்றொருவன். இரண்டிலும் ஒடுக்கப்பட்டவனுடைய ஒரே முறையீடு கேட்கிறது: அநியாயக்காரனுக்குக் கடைசி வார்த்தை இல்லை. இந்த ஏக்கத்தை அவமதிக்காதீர்கள். அது தேவன் மனித இருதயத்தில் வைத்த பசி.

ஆனாலும் எல்லாம் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். நாம் எதிர்பார்க்கிறவர் முன்பின் அறியாத ஒருவர் அல்லர். ஏற்கனவே வந்தவர், சிலுவையில் அறையப்பட்டவர், கைகளில் தழும்புள்ளவர் அவரே திரும்ப வருகிறார். நியாயாதிபதி யாரென்று நமக்குத் தெரியும். ஆகையால் நாள் தெரியாதிருந்தும் பயமில்லாமல் இருக்கிறோம். நாளைத் தேடி அலைகிறவன் அவரை நம்பாமல் நாட்காட்டியை நம்புகிறான்.

தெசலோனிக்கேயாவில் சிலர் வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தபோது, உழைக்காதவன் உண்ணவும் வேண்டாமென்று பவுல் கட்டளையிட்டார். கர்த்தருடைய நாள் வந்துவிட்டதென்று கலங்கியிருந்த சபை அது. உண்மையான காத்திருத்தலை அதன் கனியால் அறியலாம். அது கிழங்கை நிலத்தில் அழுகவிடாது. பிள்ளையின் படிப்பை நிறுத்தாது. கடனைத் தீர்க்காமல் விடாது.

ஆகவே அடுத்த செய்தி உங்களுக்கு வரும்போது மூன்றைக் கேளுங்கள். தொடக்க ஆண்டைத் தெரிந்துகொண்டவர் யார்? நாளை வருஷமாக்க அவருக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? இதை நம்பினால் இன்றைக்கு நான் செய்யவேண்டிய எந்த நன்மை நின்றுபோகும்? பதில் கிடைக்கும்வரை அதை வேறொருவருக்கு அனுப்பாதிருங்கள்.

வருகிறவர் உண்மையுள்ளவர். அவர் வரும்போது, அவர் கொடுத்த வேலையில் நம்மைக் காண்பாராக. ஆமென்.