‘சரி’ என்று மட்டும் பதில் எழுதினால் என்ன குறைகிறது?



கைப்பேசியில் ‘சரி’, ‘ஓகே’, ‘ம்’, ‘நோட்டட்’ என்று வரும் ஒற்றைச் சொல் பதில்கள் இன்று பல குடும்பங்களில் மனத்தாங்கலை உண்டாக்குகின்றன. எழுதியவருக்குக் கோபம் ஏதும் இருந்திருக்காது. படித்தவரோ கோபம் என்றே எடுத்துக்கொள்கிறார். ‘இதற்கெல்லாமா மனம் நோவது?’ என்று படித்தவரைக் குறை கூறுவதே நம் வழக்கம். ஆனால் பெரும்பாலும் குறை பதிலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதுவும் பதிலின் நீளத்தில் அன்று. எதற்குப் பதில் சொல்லாமல் விட்டோம் என்பதில்.

நேரில் பேசும்போது ‘சரி’ என்பது ஒரே சொல் அன்று. நீட்டிச் சொன்னால் இணக்கம், வெட்டிச் சொன்னால் எரிச்சல், ‘சரி சரி’ என்று இரட்டித்தால் ‘போதும், நிறுத்து’ என்று பொருள். மேலும் நாம் அதைத் தனியாகச் சொல்வதும் குறைவு. ‘சரிம்மா’, ‘சரி வாப்பா’, ‘சரிங்க’ என்று உறவையோ மரியாதையையோ சேர்த்தே சொல்கிறோம். எழுத்தில் குரல் போய்விடுகிறது. அவசரத்தில் அந்த ‘ம்மா’வும் ‘வாப்பா’வும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது, கோபக்காரரும் எழுதக்கூடிய அதே ‘சரி’தான்.

எழுதியவருக்கு இது புலப்படாததற்கும் காரணம் உண்டு. எழுதும்போது தம் குரல் தம் காதில் ஒலிப்பதால், அது படிப்பவருக்கும் கேட்கும் என்று அவர் எண்ணிவிடுகிறார். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை அளந்து காட்டியது. தாம் எழுதியது கேலியா, உண்மையாகச் சொன்னதா என்பதை மின்னஞ்சலைப் படிப்பவர் 100-க்கு ஏறத்தாழ 78 முறை சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தனர். படித்தவர்கள் கண்டுகொண்டதோ 56 முறைதான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 முறை சரியாகிவிடும் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அவற்றையே குரலில் கேட்டவர்கள் 73 முறை கண்டுகொண்டனர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஷார்ஜாவில் வேலை செய்யும் கணவருக்கு ஊரிலிருந்து மனைவி எழுதுகிறார்: “மச்சான், சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஸ்கூல் ஃபீஸ் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டுமாம். சனிக்கிழமை மாமா வருகிறார், தங்கச்சியின் நிக்காஹ் பேச்சுக்கு. நீங்கள் சாப்பிட்டீர்களா?” வேலைக்கு நடுவே இதைப் படித்த கணவர் ‘சரி’ என்று எழுதிவிட்டுக் கைப்பேசியை வைத்துவிடுகிறார். அவர் மனத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லியாயிற்று.

மனைவியின் பக்கம் நின்று பாருங்கள். அவர் அனுப்பியதில் நான்கு செய்திகள் உள்ளன: ஒரு நிம்மதி, ஒரு தேவை, ஒரு தகவல், ஓர் அன்பு விசாரிப்பு. இந்த ‘சரி’ எதற்கு உரியது? பிள்ளை தேறியதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லையா? ஃபீஸ் என்றதும் முகம் சுளித்தாரா? மாமா வருவது பிடிக்கவில்லையா? சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு விடையே இல்லை. விடப்பட்ட இடங்களை அவர் தம் கவலைகளைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். இரவில் கணவர் “என்ன, பேச்சையே காணோம்?” என்று கேட்க, “ஒன்றுமில்லை” என்று பதில் வருகிறது. இப்போது இருவர் கையிலும் ஒற்றைச் சொல் பதில்கள்.

அதே கணவர் இப்படி எழுதியிருக்கலாம்: “அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறியதே பெரிது. ஃபீஸ் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். சாப்பிட்டேன்மா. இப்போது வேலையில் இருக்கிறேன், மாமா வருவது பற்றி இஷாவுக்குப் பிறகு பேசுவோம்.” இதை எழுத ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. இதில் உறவைக் காட்டும் விளி உள்ளது. வந்த செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லாலாவது தொடப்பட்டுள்ளன. அடுத்து என்ன, எப்போது என்பதும் சொல்லப்பட்டுள்ளது. இம்மூன்றும் இருந்தால் பதில் சிறிதாயினும் சுடாது. அதற்கும் நேரமில்லையென்றால், “படித்துவிட்டேன்மா, வேலையில் இருக்கிறேன், இரவில் விவரமாகப் பேசுகிறேன்” என்பது போதும். பத்து நொடிக் குரல் பதிவு அதனினும் நன்று. இழந்த குரலை அது மீட்டுத் தருகிறது.

‘நோட்டட்’ என்ற சொல்லின் கதை வேறு. அது கோப்புகளில் அதிகாரி எழுதும் குறிப்பு. ‘பார்த்தேன், மேற்கொண்டு பேச்சில்லை’ என்னும் தொனி அதனுடன் ஒட்டியிருக்கிறது. “உஸ்தாத், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, இரண்டு நாள் வர இயலாது, மனனப் பாடம் விடுபட்டுவிடுமோ” என்று ஒரு தாய் கேட்கும்போது ஆசிரியர் ‘நோட்டட்’ என்றால், வருகைப் பதிவுக்கு விடை கிடைத்தது. தாயின் கவலைக்குக் கிடைக்கவில்லை. “ஷிஃபா கிடைக்கட்டும் உம்மா, விடுபட்ட பாடத்தை வந்ததும் சேர்த்து ஓத வைக்கிறேன்” என்பதே அவர் கேட்டதற்கு விடை.

இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று. ஒருவர் முகமன் கூறினால் அதைவிட அழகியதைக் கொண்டோ, குறைந்தது அதற்கு ஈடானதைக் கொண்டோ பதில் கூறவேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 86-ஆம் வசனம் கற்பிக்கும் ஒழுங்கு. முழுமையாக ஸலாம் எழுதியவருக்கு இரண்டு எழுத்துச் சுருக்கத்தைத் திருப்பி அனுப்புவது இதற்குப் பொருந்துமா? வசனம் பேசுவது முகமனைப் பற்றித்தான். எனினும் வந்ததைக் குறைத்துத் திருப்பாதே என்ற அந்த நயம் மற்றப் பேச்சுகளுக்கும் அழகு சேர்க்கும்.

எல்லாச் சிறு பதில்களும் தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. நூறு பெற்றோர் உள்ள குழுவில் ‘நாளை விடுமுறை’ என்ற அறிவிப்புக்கு ‘சரி’ போதும். அங்கே நீண்ட பதில்தான் தொல்லை. இருவருமே சுருக்கமாக எழுதிப் பழகியவர்களாயின் அங்கும் குறையில்லை. ஆபத்து எங்கே என்றால், விரிவாக எழுதி வந்தவர் திடீரெனச் சுருங்கும்போது. உங்கள் பதிலுக்குப் பின் எதிரிலிருப்பவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாலோ, ‘மச்சான்’, ‘வாப்பா’ என்ற விளியைக் கைவிட்டாலோ, உங்கள் சொல் தைத்திருக்கிறது என்று அறியலாம். அப்போது மேலும் எழுத வேண்டாம், அழையுங்கள்.

உண்மையாகவே கோபம் இருந்தால் அதை ஒற்றைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பதும் முறையன்று. “இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, இரவில் பேசுவோம்” என்று சொல்லிவிடுவது, ‘ம்’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

படிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நல்லெண்ணம் கொள்வதை நாம் ஹுஸ்னுழ் ழன் என்கிறோம். வெறும் ‘சரி’ வந்ததும் “கோபமா?” என்று கேட்டால், கோபமில்லாதவருக்கும் எரிச்சல் வரும். “வேலையாக இருக்கிறீர்களா? ஃபீஸ் விஷயம் மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். விடுபட்ட விடை தானே வந்து சேரும்.