கனவில் வந்ததா, கைக்கணக்கா?

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். கணித தினம் என்று கொண்டாடுகிறார்கள். நம்ம வேங்கிக்காலில் ஒரு விழாவுக்கு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிறப்புப் பேச்சாளர் ஒரே போடாகப் போட்டார்: "ராமானுஜன் கணக்கே போடவில்லை. நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார்." கைத்தட்டல். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் எழுந்து, "அப்ப நாங்க என்ன சார் செய்யறது?" என்று கேட்டாள். "வேண்டிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாயார் மேல் ராமானுஜனுக்கு இருந்த பக்தி உண்மை, அவரே சொன்னது. என் சண்டை அதோடு இல்லை. கணக்கே போடவில்லை என்பதுதான் பொய். காகிதம் வாங்கக் காசில்லாமல், சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, மறுபடி போட்ட மனிதர் அவர். என்ன போட்டார் என்று ஒன்றையாவது பார்ப்போம். நாம் படித்த எட்டாம் வகுப்புப் பெருக்கலே போதும்.

1916-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இப்படி ஒரு பெருக்கல் வருகிறது. (1−x), (1−x²), (1−x³) என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். வந்ததை 24 மடி உயர்த்தி, கடைசியில் ஒரு x-ஆல் பெருக்க வேண்டும். அப்போது x, x², x³ ஆகியவற்றின் முன்னால் வரும் எண்களுக்கு டௌ என்று பெயர். முதல் முப்பது எண்களை அவர் அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார்.

முடிவில்லாத பெருக்கலை எப்படிப் போடுவது என்று பயப்பட வேண்டாம். x³ வரைதான் வேண்டும் என்றால், x⁴-ம் அதற்கு மேலும் வருவதையெல்லாம் அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். அவை கீழ்மடிக்கு ஒருநாளும் இறங்கி வராது. அதோடு, அந்தப் பெருக்கலின் மூன்றாம் மடி மட்டும் அழகாக அமையும் என்று ஜேக்கோபி என்ற ஜெர்மன்காரர் அதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்:

1 − 3x + 5x³ − 7x⁶ + ...

இதை எட்டு மடி உயர்த்தினால் 24 ஆகிவிடும். எட்டு என்றால் மூன்று முறை வர்க்கம். முதல் வர்க்கம்:

1 − 6x + 9x² + 10x³

இதில் 9 என்பது −3-ஐ −3-ஆல் பெருக்கியது. 10 என்பது 1-ம் 5-ம் சேர்ந்து இரண்டு முறை வந்தது. அடுத்த வர்க்கம்:

1 − 12x + 54x² − 88x³

இங்கே −88 எப்படி? 10-இன் இரட்டிப்பு 20. −6-ஐ 9-ஆல் பெருக்கி இரட்டித்தால் −108. இரண்டையும் கூட்டினால் −88. கடைசி வர்க்கம்:

1 − 24x + 252x² − 1472x³

ஒரு x-ஆல் பெருக்கினால் டௌவின் முதல் நான்கு எண்கள் 1, −24, 252, −1472. அரை மணி நேர வேலை.

சரியா என்று எப்படித் தெரியும்? வேறு வழியில் போய்ப் பார்க்க வேண்டும். (1+u)-வின் எட்டாம் மடி 1 + 8u + 28u² + 56u³ என்று தொடங்கும். u இருக்கும் இடத்தில் −3x + 5x³ என்ற தொடரையே வையுங்கள். x³-க்கு 8u-விலிருந்து 40 வரும், 56u³-இலிருந்து −1512 வரும். கூட்டினால் அதே −1472! பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். x³ சின்ன விஷயம்தானே என்று 5x³-ஐ முதலிலேயே விட்டுவிட்டால் −1512 என்று முடியும். விடையில் எந்த மடி வரை வேண்டுமோ, அதுவரை ஆரம்பத்திலும் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, உள்ளே வைக்கும் தொடரில் தனி எண் இருக்கக் கூடாது. இருந்தால் u², u³ என்று எல்லாமே x-இன் முன்னால் வந்து விழும், எங்கேயும் நிறுத்த முடியாது. நான் பாடம் நடத்திய காலத்தில் இதற்கு எத்தனை சிவப்பு மை தீர்ந்தது!

இதே பெருக்கலை x⁵ வரை நீட்டினால் ஆறாவது டௌ −6048 என்று வரும். இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்கள். −24 × 252 = −6048. இப்படி, பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்களுக்கும் பொருந்தும் என்று ராமானுஜன் எழுதினார். அவர் அதை நிரூபிக்கவில்லை. அடுத்த ஆண்டு மோர்டெல் நிரூபித்தார். முப்பது எண்களைப் பெருக்கிக் கையில் வைத்திருந்த மனிதன் கண்ணில்தான் இந்தப் பொருத்தம் படும். ஒரு எண்ணில் தப்பு விட்டிருந்தால் பட்டிருக்காது.

அந்தப் பெண்ணின் அப்பாவை மறுவாரம் ஏரிக்கரையில் பார்த்தேன். அனுப்பி வையுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கையில் நாற்பது பக்க நோட்டு. முதல் வர்க்கத்தில் 9x²-ஐ விட்டுவிட்டாள். இரண்டாம் வழியில் போட்டதும் விடை ஒத்துவரவில்லை என்று அவளே கண்டுபிடித்து அழித்தாள். ஐந்தாவது டௌ 4830 என்று வந்தபோது மணி பன்னிரண்டு. ஆறாவதுக்கு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.