சர்க்கரை நோயாளியின் கால் புண்ணும் பரிந்துரைக் கடிதமும்: எங்கள் நிலைப்பாடு

கொடுங்கையூர், மூலக்கடை, தண்டையார்பேட்டை பகுதிகளில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களும் செவிலியர்களும் குடியிருப்போர் பிரதிநிதிகளும் சேர்ந்த எங்கள் சங்கம், கடந்த பொதுக்குழுவில் எழுந்த தகராறுக்குப் பின் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. நடந்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். ஒரு சர்க்கரை நோயாளியின் கால் யாரால் போனது என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. செயற்குழுவில் அதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. அவர் கையோடு கொண்டுபோன பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

கடிதத்தில் இருந்தவை மூன்று வரிகள்: சர்க்கரை நோய், வலது கால் புண், ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட். கீழே கையெழுத்தும் முத்திரையும். இதை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இந்த ஆளை இன்று பார்க்க வேண்டுமா அடுத்த வாரம் பார்க்கலாமா என்று முடிவு செய்ய முடியாது. ஓ.பி. வரிசையில் டோக்கன் கொடுத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். செவ்வாய்க்குள் விரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. லாரியில் லோடு ஏற்றிப் பிழைத்தவர் அவர்.

பல ஆண்டு சர்க்கரையில் பாதத்தின் நரம்புகள் உணர்விழந்துவிடுவதால் ஆணி ஏறினாலும் பலருக்கு வலிப்பதில்லை. வலி இல்லாததால் அவர் நடந்தே வருகிறார், வரிசையில் நின்றுகொண்டே பேசுகிறார். சீட்டுப் போடுபவரின் கண்ணுக்கு அவர் நலமாக இருக்கும் மனிதர். மாரடைப்பு வந்தவரின் முகமே அவசரத்தைச் சொல்லிவிடும். இவருடைய முகம் எதையும் சொல்லாது. கடிதம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் மற்ற எல்லாக் கடிதங்களையும் விட இந்தக் கடிதத்தைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு கோபம்.

கடிதத்தின் முதல் வரி எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பதையும், எதற்குப் பயப்படுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அவசரத்தை எழுத்தில் வைத்தால் நாளை வழக்கில் நம்மைப் பிடிப்பார்கள் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் கருதினர். அந்தக் கவலையை மதிக்கிறோம். ஆனால் எழுதாமல் விட்டதற்காக ஒரு குடும்பம் நம்மைக் கேட்கும் கேள்வி அதைவிடக் கடினமானது.

அவசரத்தை அளக்க நம் கிளினிக்கில் இருக்கும் தெர்மாமீட்டரும் கைக்கடிகாரமும் ஒரு டேப்பும் போதும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், தொற்று பாதத்தோடு நிற்காமல் உடம்புக்குள் ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும். சர்வதேச சர்க்கரைப் பாத வழிகாட்டுதல் அதைக் கடுமையான தொற்று என்கிறது. பலரும் எண்ணாமலே விடுவது மூச்சைத்தான். அதே சமயம் காய்ச்சல் இல்லை என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று எழுதிவிடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களில் பலருக்கு ஆழமான சீழ் இருந்தும் காய்ச்சல் வருவதில்லை.

அடுத்தது சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் தோலோடு நின்றால் லேசானது. அதைத் தாண்டினாலோ ஆழமாக இறங்கினாலோ நிலைமை வேறு. நம் மக்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. எனவே தடவிப் பார்த்து, சூடும் வீக்கமும் எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவிட வேண்டும். மாலையில் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது ரத்த ஓட்டம். பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைத் தொட்டுப் பார்த்து, தெரிகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். வீக்கத்தால் தெரியவில்லை என்றால் அப்படியே எழுதலாம். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். காலியாக விட்ட இடத்தை எல்லாம் சரி என்றுதான் எதிரில் இருப்பவர் படிப்பார்.

அன்று போயிருக்க வேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்திருக்கும்: "இன்றே பார்க்க வேண்டும், பரவும் தொற்று என்று பயப்படுகிறேன். 12 ஆண்டு சர்க்கரை. வலது பெருவிரலடியில் 6 நாளாகப் புண், சீழ் வடிகிறது. சிவப்பு நேற்று 2 செ.மீ., இன்று காலை 10 மணிக்கு 5 செ.மீ., கோடு போட்டிருக்கிறேன். காய்ச்சல் 101.4, நாடித்துடிப்பு 112, மூச்சு 24. பாதத்தின் மேல் நாடி தெரிகிறது, கணுக்கால் நாடி தெரியவில்லை. சர்க்கரை 386. வலி இல்லை, நடக்கிறார். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்." இதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நெரிசலான மாலை ஓ.பி.யில்கூட ஐந்து நிமிடம்.

கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், அளவு, கடைசி வேளை எப்போது என்பதும் வேண்டும். அன்றே கத்தி வைக்க நேரலாம் என்பதால் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் குறிக்கலாம். கிரியாட்டினின், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, ஒவ்வாமை ஆகியவை இயன்ற வரையில். ரிப்போர்ட்டுக்காகக் கடிதத்தைத் தாமதிக்கக் கூடாது. தெளிவான கையெழுத்து பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு நோயாளியின் உரிமை என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2025-லேயே சொல்லிவிட்டது.

எல்லாக் கடிதத்திலும் "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதும் பழக்கத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. அப்படி எழுதினால் உண்மையான அவசரம் கூட்டத்தில் கரைந்துவிடும். கறுத்த விரல், சில்லிட்ட பாதம், தோலுக்கு அடியில் அழுத்தினால் நறநறப்பது, மேலே சொன்ன கடுமையான தொற்று ஆகியவை இன்றே. இவர்களைக் கடிதம் எழுதி முடிக்கும் வரை காக்க வைக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு எழுத வேண்டும். புதிய புண்ணோ லேசான தொற்றோ அடுத்த வேலை நாளுக்குள். இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதலும் சர்க்கரைப் பாதத்துக்கு ஒரு வேலை நாளைத்தான் கெடுவாக வைக்கிறது. புண் இல்லாமல் உணர்வு மட்டும் குறைந்திருந்தால் வரிசைப்படி போகலாம்.

பெறும் மருத்துவமனைகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒரு செவிலியர் கடிதத்தின் முதல் வரியைப் படிக்கட்டும். பெரிய மருத்துவமனைகளின் நெருக்கடியை அறிந்தே இதைக் கேட்கிறோம். நாட்டிலேயே முதன்முதலாக 1948-ல் சர்க்கரை நோய்க்கென்று தனி ஓ.பி.யைப் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கியது இதே வடசென்னையின் ஸ்டான்லியில்தான். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வரை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறது. மாத்திரை வீட்டுக்கு வரும் ஊரில், ஒரு வரி எழுதாததால் கால் போவதை எங்களால் ஏற்க முடியாது.

ஒரு பக்கப் படிவம் அச்சாகி எல்லா உறுப்பினர் கிளினிக்குகளுக்கும் வரும். கட்டாயமாக்குவதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததால், இப்போதைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஒன்று ஏகமனதாக முடிவானது: சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு, காய்ச்சலும் நாடியும் சிவப்பின் அளவும் இல்லாமல் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதிய தாளை, இனி இந்தச் சங்கம் பரிந்துரைக் கடிதமாக ஏற்காது, அதை எழுதிய உறுப்பினரின் பக்கம் நிற்கவும் செய்யாது.