வாரண்ட் இல்லையென்றால் அடுத்த கேள்வி

செங்கல்பட்டிலோ மாமல்லபுரம் கடற்கரையிலோ போலீஸ் நம் வீட்டுக்குள் நுழைந்தால் நம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “வாரண்ட் எங்கே?” “தேவையில்லை” என்றதும் அடங்கிவிடுகிறார்கள். அந்தப் பதில் பாதிதான் உண்மை. பிஎன்எஸ்எஸ் 185ஆம் பிரிவின்படி, விசாரணை அதிகாரி அவசரத்தில் வாரண்ட் இல்லாமலும் சோதனையிடலாம். ஆனால் எந்தப் பொருளைத் தேடுகிறார், ஏன் காத்திருக்க முடியாது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். மனுப்போட்டால் நமக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

தருமபுரி வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லித்தான் வனத்துறையும் போலீஸும் புகுந்தன. தேடியது ஒரு வீட்டை அல்ல, ஊரையே. பழங்குடிப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது 2011இல்; உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல்.

சோதனைக்கு அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, நடுநிலையான இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். நடைமுறையில் விஏஓவும் உதவியாளரும் வந்து நிற்பார்கள். “பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க சார்” என்று கேளுங்கள். (பயத்தில் அக்கா வராமலும் போகலாம், அது வேறு கதை.) சோதனை முடியும்வரை வீட்டுக்காரர் உடனிருக்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் வீடியோவும் எடுக்க வேண்டும்.

முறை தவறியது என்பதற்காக மட்டும் கைப்பற்றிய பொருளை நீதிமன்றம் ஒதுக்கிவிடாது. அதனால்தான் பறிமுதல் பட்டியலின் நகல் முக்கியம். அதை வாங்காமல் விடாதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.