40 செக்கன் எப்பிடி ஒரு நிமிசமானது?

புவியியல் படிக்கிற கலைப்பீடப் பிள்ளைகளும் ஆய்வுகூடத்துக்குப் போறவை எண்டு சொன்னால் சயன்ஸ் பெடியள் சிரிப்பினம். போறம். மண்ணை அரிக்கிறம், நிறுக்கிறம், அளவுச்சாடிக்குள்ள விட்டுக் கலக்கிறம். பிறகு ரூமுக்கு வந்து, ஆய்வுகூடத்தில நிண்ட நேரத்தைவிடக் கூடுதலான நேரம் ஒரு இலக்கத்தோட மல்லுக்கட்டுறம். ரிப்போர்ட்டை டேர்னிட்டினில போட்டால் சிமிலாரிட்டி 20 வீதத்துக்குக் கீழே வரவேணும். வராட்டி ரிப்போர்ட் திரும்பி வரும்.

இந்த விதி எழுத்துத் திருட்டைக் குறைக்கவில்லை, பொய்யான செய்முறைகளைத்தான் கூட்டியிருக்கிறது எண்டதுதான் என்ர வாதம். அதற்கு ஒரேயொரு ப்ராக்டிக்கலை எடுக்கிறன். மண் இழையமைப்பை ஹைட்ரோமீற்றரால் அளக்கிறது.

செய்யாத ஆக்களுக்காகச் சுருக்கமாக. காற்றில உலர்த்தி 2 மில்லிமீற்றர் அரிதட்டில அரிச்ச மண் 50 கிராம் எடுக்கவேணும். சோடியம் ஹெக்சாமெற்றாபொஸ்பேற் கரைசல் விட்டு ஊறவைக்கவேணும். பிறகு மின் கலக்கியில 5 நிமிசம் கலக்கி, ஒரு லீற்றர் அளவுச்சாடியில ஊத்தி, கோடு மட்டும் தண்ணி விட்டு, நல்லாக் குழப்பிவிட்டு வைக்கவேணும். பெரிய துணிக்கை கெதியாக் கீழே போகும், சின்னது மெதுவாப் போகும். 40 செக்கனில மணல் இறங்கியிருக்கும், அப்ப ஹைட்ரோமீற்றர் காட்டுறது மண்டியும் களியும். இரண்டு மணித்தியாலத்தில வாசிச்சால் மிச்சம் மிதக்கிறது களி எண்டு எடுக்கிறம். வழி அவ்வளவுதான். 1927இல் பூயூக்கோஸ் எண்ட மண் விஞ்ஞானி வெளியிட்ட முறை இது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக உலகம் முழுக்க ஆய்வுகூடக் கையேடுகளில இதே வசனங்கள்தான் கைமாறிக் கைமாறி வருது. வேற எப்பிடி வரும்? 50 கிராம் எண்டதை வேற எந்தச் சொல்லில எழுதலாம்?

இப்ப அந்த இலக்கம் எப்பிடி வருது எண்டதைப் பாருங்கோ. எங்கட பச்சில ஒரு பிள்ளையின்ர ரிப்போர்ட் 1200 சொல். அதில கையேட்டின்ர செய்முறையோட பொருந்தினது 264 சொல். 22 வீதம், மஞ்சளுக்கு வரேல்லை, பச்சைதான், ஆனாலும் திரும்பி வந்தது. அதே 264 சொல்லை அப்பிடியே விட்டுட்டு, கலந்துரையாடல் பகுதியை ஊதி ரிப்போர்ட்டை 2400 சொல்லாக்கினால் 11 வீதம். கொப்பி அடிச்சது ஒரு சொல்லும் குறையேல்லை, இலக்கம் மட்டும் பாதியாயிட்டுது. மொத்தச் சொல்லில பொருந்தின சொல் எத்தினை பங்கு எண்டதைத்தான் அது சொல்லுது. எது களவு, எது அவசியம் எண்டு அதுக்குத் தெரியாது. தெரியும் எண்டு அந்தக் கொம்பனியும் சொல்லேல்லை. பொருந்துகிற இடத்தைக் காட்டுறது மட்டும்தான் எங்கட வேலை, தீர்ப்பு ஆசிரியருடையது எண்டுதான் அவையே சொல்லுகினம்.

இன்னொரு கூத்தும் இருக்கு. எங்கட கையேடு இணையத்தில இல்லை. போட்டோகொப்பிக் கடையில ஸ்பைரல் அடிச்சு விக்கிற சாமான். அப்ப அது எதோட பொருந்துது? எங்கட சீனியர்மாரின்ர ரிப்போர்ட்டோட. அவையும் அதே கையேட்டைப் பாத்து எழுதி, அதே டேர்னிட்டினில போட்டு, அதுகள் அங்கேயே சேமிப்பில கிடக்கு. ஆகவே திரையில மூலம் எண்டு வாற இடத்தில கையேட்டின்ர பெயர் வராது. `Student Paper` எண்டு வரும். கையேட்டைப் பாத்து எழுதின பிள்ளை, அக்காவின்ர ரிப்போர்ட்டைக் களவெடுத்த பிள்ளையாகத் தெரியும். இதைக் கிளிக் பண்ணிப் பாக்காமல் இலக்கத்தை மட்டும் பாக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியவராது.

சரி, 22ஐ 19 ஆக்கவேணும். பிள்ளை என்ன செய்யும்? நிறம் தீட்டின இடங்களில சொல்லை மாத்தும். நடந்த மூண்டு மாற்றத்தைச் சொல்லுறன், மூண்டும் வேற வேற ரிப்போர்ட்டில நான் வாசிச்சது.

முதலாவது, கையேட்டில 'டிஸ்பேர்ஸ்' எண்டு இருந்தது 'டிசோல்வ்' ஆனது. சொல்லகராதிக்கு இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கலாம். மண் கரைகிறதில்லை. ஒட்டிக்கொண்டு கிடக்கிற துணிக்கைகளைப் பிரிச்சு விடுறதுக்குத்தான் அந்தப் பொஸ்பேற்றே போடுறது. மண் கரைஞ்சால் அளக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. இந்த ஒரு சொல்லோட, முறையின்ர அர்த்தமே தனக்கு விளங்கேல்லை எண்டு அந்தப் பிள்ளை எழுதிக் குடுத்த மாதிரி ஆயிட்டுது. உண்மையில அவவுக்கு நல்லா விளங்கியிருந்தது.

இரண்டாவது, 'ஏர் ட்ரை' எண்டது வெறும் 'ட்ரை' ஆனது. காற்றில உலர்ந்த மண்ணில கொஞ்சம் ஈரம் இருக்கும். அது 4 வீதம் எண்டு வையுங்கோ. 50 கிராமில மண் 48 கிராம்தான். 105 பாகை அடுப்பில உலர்த்தின மண்ணோ, காற்றில உலர்ந்ததோ எண்டு தெரியாட்டி எதால பிரிக்கிறது எண்டும் தெரியாது.

மூண்டாவதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். '40 செக்கனுக்குப் பிறகு' எண்டது 'ஏறத்தாழ ஒரு நிமிசத்தின் பின்' ஆனது. வசனம் அழகாத்தான் இருக்கு, நிறமும் போயிட்டுது. ஆனால் 40 எண்டது ஆரோ சும்மா சொன்ன இலக்கமில்லை. 0.05 மில்லிமீற்றருக்குப் பெரிய துணிக்கை அந்த நேரத்துக்குள்ள இறங்கிவிடும் எண்ட கணக்கு அதுக்குள்ள இருக்கு. 60 செக்கன் பொறுத்தால் அந்த எல்லை கிட்டத்தட்ட 0.04க்கு இறங்கும், மண்டியில ஒரு பங்கு மணல் கணக்கில போய்ச் சேரும். ஆய்வுகூடத்தில அந்தக் குழு சரியாத்தான் ஸ்டொப்வொட்ச் பிடிச்சது, நான் பக்கத்து மேசையில நிண்டனான். கடதாசியில மட்டும் பிழையாச் செய்தது. அடுத்த பச் கையேடு வாங்கக் காசில்லாமல் இந்த ரிப்போர்ட்டைப் பாத்துச் செய்தால், மெய்யாகவே பிழையாச் செய்யும்.

இதைவிடப் பெரிய இழப்பு வேற இடத்தில. அண்டைக்கு இரண்டு குழுவுக்கு ஒரே சாக்கில இருந்து மண் தந்தவை, கோண்டாவில் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்மண். திருத்தின வாசிப்பு ஒரு குழுவுக்கு 40 செக்கனில 21, இரண்டு மணித்தியாலத்தில 14. அதாவது மணல் 58, மண்டி 14, களி 28 வீதம். முக்கோணப் படத்தில வைச்சால் மணற்களி இருவாட்டி. மற்றக் குழுவுக்கு 18, 9.5. மணல் 64, மண்டி 17, களி 19. அது மணல் இருவாட்டி. ஒரே மண், இரண்டு பெயர். ஏன்?

மின் கலக்கி ஒண்டுதான் வேலை செய்தது. இரண்டாவது குழு கண்ணாடிக் கோலால கையால கலக்கினது. களி சரியாப் பிரியேல்லை, கட்டியாக் கிடந்தது மணலோட சேர்ந்து இறங்கிட்டுது. களி குறையவும் மணல் கூடவும் அது போதும். அந்த நாளில நாங்கள் கண்ட உருப்படியான ஒரே விசயம் இதுதான். இரண்டாவது குழுவில ஐஞ்சு பேர். ஐஞ்சு ரிப்போர்ட்டிலயும் கண்ணாடிக் கோல் இல்லை. எல்லாத்திலயும் மின் கலக்கிதான், ஐஞ்சு விதமான சொல்லில. கையேட்டு வசனத்தை முன்னால வைச்சுக்கொண்டு சொல்லை மாத்துற ஆளுக்குக் கண் கையேட்டில இருக்கும், மேசையில இருக்காது. களி ஏன் 19 எண்டதுக்கு 'மனிதத் தவறு' எண்டு ஒரு வரி. புள்ளி கிடைச்சது, சிமிலாரிட்டி 16.

'சொந்த வசனத்தில எழுதப் பழகத்தானே இந்த விதி' எண்டு ஒரு லெக்சரர் கேட்டவர். நியாயமான கேள்வி. அறிமுகத்திலயும் கலந்துரையாடலிலயும் அது முழுக்கச் சரி, அங்க 5 வீதம் பொருந்தினாலும் கூப்பிட்டுக் கேளுங்கோ. ஆனால் செய்முறையில சொல்லை மட்டும் மாத்துறது சொந்த வசனமில்லை. மூலத்தைச் சொல்லாமல் தடயத்தை அழிக்கிறது அது, உண்மையான திருட்டுக்கும் அதே பழக்கம்தான் வேணும். பொதுவாகப் பாவிக்கிற ஒரு முறையை விபரிக்கிற வசனங்கள் ஓரளவுக்கு ஒத்திருக்கிறதைத் தான் பொதுவாகத் துரத்திப் பிடிக்கிறதில்லை எண்டு அமெரிக்காவின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் 1994இலேயே தன்ர கொள்கையில எழுதி வைச்சிருக்கு. வாசிக்கிற ஆளை அது பெரிசா ஏமாத்தாது எண்டதுதான் காரணம். எங்களுக்கு மட்டும் ஏன் அதைவிடக் கடுமை?

செய்யக்கூடியது கஷ்டமில்லை. செய்முறையை மூண்டே வரியில முடிக்கலாம். கையேட்டின் நாலாவது பரிசோதனையின்படி செய்தோம் எண்டு கையேட்டின்ர பெயரோட ஒரு வரி. மின் கலக்கிக்குப் பதிலாகக் கண்ணாடிக் கோலால் 10 நிமிடம் கலக்கினோம் எண்டு இன்னொரு வரி. வாசிச்சபோது தொங்கலின் வெப்பநிலை 29 பாகை எண்டு மூண்டாவது. இதில டேர்னிட்டினுக்குப் பிடிக்க ஒண்டுமில்லை. ஏனெண்டால் 29 பாகையும் கண்ணாடிக் கோலும் எங்கட மேசையில மட்டும் நடந்தது.

திணைக்களமும் ஒரு வேலை செய்யலாம். அசைன்மென்ட் திறக்கேக்கையே கையேட்டுப் பகுதியை டெம்ப்ளேற்றாக ஏத்திவிட்டால், பொருந்துகிற அந்தப் பகுதியைக் கணக்கில இருந்து கழிக்க டேர்னிட்டினில வசதி இருக்கு. பிள்ளைகள் ரிப்போர்ட் போடத் தொடங்க முதலே அதைச் செய்யவேணும். ஐஞ்சு நிமிச வேலை. அடுத்த கிழமை மண் பிஎச் ப்ராக்டிக்கல். அதிலயும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணி எண்ட வரி இருக்கு. அதை 'கொஞ்சம் கூடுதலான தண்ணி' எண்டு ஆரும் எழுத முதல் அந்த டெம்ப்ளேற்றை ஏத்துங்கோ.